சாந்தியடைய என்று எழுதிய தங்கச்சி

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டு ராமையா ஒரு முழுத் தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கனமான வெள்ளைத் தாள், அச்சாபீஸ் வாசனை இன்னும் போகவில்லை. அவருடைய அப்பாவை ஆனையூர்ப் பாதையில் இருக்கும் முதியோர் விடுதியில் வருகிற வெள்ளிக்கிழமை குடி வைக்கப் போகிறார்களாம். "பெரியவருக்கு நாலு வார்த்தை எழுதித் தரணும்மா, அங்கன வாசிக்கணும்னு சொல்றாங்க. உங்களத்தான் எல்லாரும் கை காட்டுறாக" என்றார். தாளை வாங்கி விரித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்களுக்கு நான் எழுதிய முதல் தாள் நினைவுக்கு வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. அவரை நாளை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் தாளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வேறொரு தாளில் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். அதை வேறு நல்ல பேர் வைத்துக் கூப்பிட எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள், நான் இளையவள். நான் வரும்போதே வீட்டின் ஆணி, கொக்கி எல்லாம் உங்கள் கைக்குப் பழகியிருந்தன. மூத்தவர் போய்ச் சேர்ந்து நீங்கள் வெள்ளைச் சீலைக்கு மாறிய பிறகும் அது மாறவில்லை. என் வீட்டுக்காரர் புண்ணாக்குக் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "மதினி சாப்பிட்டாங்களா?" என்பார். நான் சாப்பிட்டேனா என்று அவர் கேட்டது எனக்கு நினைவில்லை. என் மகன் பாண்டிக்கு அம்மை போட்டிருந்தபோது பத்து நாள் கண் மூடாமல் பக்கத்தில் கிடந்தவள் நான். அவன் முனகியது "பெரியம்மா" என்று. உசிலம்பட்டியிலிருந்து நம் நிலத்தை வாரத்துக்கு உழுகிறவர்கள் வந்தால்கூட உங்களிடம் மழை வருமா என்று கேட்டுவிட்டுத்தான் மோரைக் கையில் வாங்குவார்கள்.

எனக்கென்று இருந்தது எழுத்து ஒன்றுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். நீங்கள் கைநாட்டு. கீழவாசல் சந்தில் யார் வீட்டில் என்ன எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அச்சாபீஸில் மாதிரி வைத்திருந்தார்கள், அதனால் அதற்கு யாரும் என்னைத் தேடவில்லை. சாவுக்குத்தான் என்னைத் தேடினார்கள். யாராவது தவறிவிட்டால் வெளியூர்ச் சொந்தங்களுக்குத் துக்கக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. ஒரே உட்காரலில் முப்பது கடிதம் எழுதியிருக்கிறேன். நீங்கள் சுவரில் சாய்ந்து என் பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரங்களில் மட்டும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

யுத்தம் வருவதற்கு முந்தின ஐப்பசியில் நீங்கள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பு எலும்பு கூடியும் கூடாமலும் நின்றுவிட்டது. நம் வீடோ மேலும் கீழுமாகப் படி. பகலெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னீர்கள், "நா அந்த ஆனையூர் விடுதிக்குப் போயிர்றேன். அங்கன படி கெடையாது. பேச்சுத் தொணைக்கு ஆளும் இருக்கு." என் வீட்டுக்காரர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாண்டி அழுதான், மீசை முளைத்த பயல். நீங்கள் அசையவில்லை. "என்னைய யாரும் வெரட்டல. நானாத்தான் போறேன். அத மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க" என்றீர்கள்.

தெரு சும்மா இருக்குமா? ஓரகத்தி துரத்திவிட்டாள் என்று ஒரே நாளில் கதை கட்டிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். போகும்போதும் எல்லாவற்றையும் நீங்களே அள்ளிக்கொண்டு போகிறீர்கள் என்று எனக்கு ஆத்திரம். அதோடு இன்னொன்றும் உண்டு, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குப் புதிதாய் ஓர் இடம் கிடைக்கிறது, எனக்கு அதே அடுப்பு, அதே புகை. அதிலும் எனக்குப் பொறாமை.

விடுதி மேட்ரன் அம்மா நம் வீட்டுக்கே வந்து பேசினார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்கள், வளவளப்பு கிடையாது. அந்த விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாய்க் குடி வருகிறவருக்கு வீட்டார் வார்த்தை எழுதிக் கொண்டுவர வேண்டும். அதை எல்லார் முன்னாலும் வாசித்து, பிறகு கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுவார்கள். தலைக்கு மேலே மாட்டக்கூடாது, மாலையும் போடக்கூடாது. "மேல மாட்டி மாலையும் போட்டா செத்தவங்க படம் மாதிரி ஆயிரும்" என்றார்கள் மேட்ரன் அம்மா.

"அலங்காரத்துக்கு இல்லம்மா இது. அங்க ஆயாமார் மூணு பேரு. அவங்களுக்கு உங்க அக்கா யாருன்னே தெரியாது. குளிப்பாட்டுறப்பவும் மருந்து குடுக்குறப்பவும் சொவத்தத்தான் பாப்பாங்க. ஒருத்திக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், மத்தவங்களுக்கு அவ சொல்லுவா. அதனால பெரிய எழுத்தா, ஏழெட்டு வரிக்குள்ள இருக்கணும். எப்படிக் கூப்பிடணும், என்ன தெரியும், என்ன செஞ்சா பிடிக்காதுன்னு இருக்கணும். பாவம், பாரம், ஆதரவு, கடைசிக் காலம், இதெல்லாம் வரக்கூடாது. 'இருந்தாங்க, செஞ்சாங்க'ன்னே எழுதி முடிச்சிராதீங்க. இனிமே அங்க அவங்களுக்கு ஆகவேண்டியது ஒண்ணாவது இருக்கணும்."

கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்கள். "எழுதுனத மொதல்ல அவங்களுக்கே வாசிச்சுக் காட்டிருங்க. பிடிக்கலைன்னா மாத்தணும். அவங்க வார்த்தை அது."

பாண்டி எழுதுகிறேன் என்று வந்தான். நீங்கள் விடவில்லை. "ஒங்கம்மா எழுதட்டும்" என்றீர்கள். எனக்கு உள்ளே குளிர்ந்தது, ஒரு கணம்தான். அதற்குள் பாண்டி உங்கள் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டான்.

அந்த ஆத்திரத்தோடுதான் உட்கார்ந்தேன். ஒரு திருத்தம் இல்லாமல் கை ஓடியது. எங்கள் குலவிளக்காய் விளங்கினீர்கள், தங்கள் அன்பை என்றும் மறவோம் என்று தொடங்கி, "தங்கள் மனம் சாந்தியடைய எல்லாம் வல்ல மீனாட்சி சொக்கநாதரைப் பிரார்த்திக்கிறோம். இங்ஙனம், பிரிவால் வாடும் குடும்பத்தார்" என்று முடித்தேன். முப்பது முப்பதாய்த் துக்கக் கடிதம் எழுதிய கை, பழகிய தடத்தில் போய்விட்டது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்கிறேன். 'சாந்தி' என்று எழுதும்போது பேனா நின்றது. இது எந்தக் கடிதத்து வார்த்தை என்று தெரிந்தது. தெரிந்தும் எழுதினேன். நீங்கள் "என்னத்தா எழுதிருக்க, வாசி கேப்பம்" என்றபோது "அங்கன வந்து கேளுங்க" என்று தாளைச் சுருட்டிவிட்டேன்.

தை பிறந்து ஒரு புதன்கிழமை ஜட்கா வாசலில் வந்து நின்றது. சந்து முழுக்கக் கூட்டம். நீங்கள் பாண்டியின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "போறேன்" என்றீர்கள்.

எல்லாரும் பதறிப் போனார்கள். "ஆத்தி, போறேன்னு சொல்லாதீக. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க" என்று எதிர்வீட்டம்மா வண்டிச் சட்டத்தையே பிடித்துக்கொண்டார்.

"வாரேன்னு சொன்னா எங்கால்ல ஒண்ணு இங்கனயே நிக்கும். போறேன்னு சொன்னாத்தான் போற எடத்துல ரெண்டு காலயும் ஊண்டி இருப்பேன்" என்றீர்கள். படிக்காதவள் பேசுகிற பேச்சா அது? என் சுருட்டிய தாள் முழுவதையும் அந்த ஒரு பேச்சு தின்றுவிட்டது. அப்போதாவது தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நான் செய்யவில்லை.

விடுதிக் கூடத்தில் இருபது பேர் பாயிலும் பெஞ்சியிலுமாய் உட்கார்ந்திருந்தார்கள். உங்களை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் நின்று, நல்ல உச்சரிப்போடு வாசித்தேன். குலவிளக்கு வரைக்கும் சரி. 'சாந்தியடைய' வந்ததும் ஓர் அம்மாள் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். 'பிரிவால் வாடும்' என்றதும் மூலையிலிருந்த பெரியவர் ஒருவர், "கருமாதி என்னைக்கும்மா?" என்று கேட்டார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். பாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "ஏத்தா, நா இன்னும் இங்க ஒரு வாய் சோறுகூடத் திங்கலயே. அதுக்குள்ளயா?" என்றீர்கள். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு இருபது பேரும் உங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். பிறகு தாளை வாங்கி, நாலாய் மடித்து, என் கையிலேயே வைத்தீர்கள். "இது எனக்கு வேணாம். வேற எழுதிக் கொண்டா. எம்புட்டு நாளானாலும் சரி, நீதான் எழுதணும்."

நான் எழுதவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தும் எழுதவில்லை. என்னைப் பார்த்து இருபது பேரைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். சிரிக்கும்படி எழுதியது யார் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாண்டி ஞாயிறு தோறும் உங்களைப் பார்க்கப் போனான். வந்து ஒன்றும் சொல்ல மாட்டான். சித்திரையில் ஒரு ஞாயிறு வந்தவன் அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்தான். "அம்மா, பெரியம்மாவ அங்க செவிடுன்னு நெனச்சிட்டாங்க. எடப்பக்கம் நின்னு பேசுறாங்க, அவங்களுக்குக் கேக்கல. பதில் சொல்லலைன்னதும் புத்தி மங்கிருச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. புது ஆயா கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி, சீலைய அவளே சுத்திவிடுறா. கெழவி, கெழவின்னு கூப்பிடுறா."

"வலக்காதுல பேசச் சொல்ல வேண்டியதுதானே, அவங்களே?"

"கேட்டேன். எந்தங்கச்சி எழுதித் தருவா, அதுல எல்லாம் இருக்கும்னு சொல்றாங்க. நா சொல்லிட்டு வந்தாலும் ஆயாமார் மறந்துர்றாங்க. மேட்ரன் அம்மா எழுதுறேன்னாங்க, வேணாம்னுட்டாங்க. அங்க ஒரு டீச்சரம்மா இருக்காங்க, அவங்க கேட்டதுக்கும் வேணாம்னுட்டாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல வெறும் ஆணிதான்ம்மா இருக்கு."

இடது காது மந்தம் என்பது இந்த வீட்டில் வெகுநாளாய் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் நீங்கள் திரும்புவதில்லை என்று பல வருஷம் பார்த்து வைத்திருந்தவள் நான். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். பாண்டிக்கே நீங்கள் விழுந்த பிறகுதான் தெரியும். மறுநாள் சமையலை அப்படியே போட்டுவிட்டு வண்டி பிடித்து வந்தேன்.

வந்தால், நீங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு வெள்ளைச் சீலை அம்மாளோடு தாயம் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள், அவர்தான் டீச்சரம்மா. புளியங்கொட்டைகளை உருட்டிவிட்டு நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். என்னோடு ஒரு நாள் தாயம் ஆடியிருக்கிறீர்களா? நமக்கு எங்கே நேரம் இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அந்த அம்மாளுக்கு மட்டும் நேரம் வந்துவிட்டது. அதிலும் படித்தவள். என்னிடம் இருந்த ஒன்றும் அவளிடமும் இருந்தது. உங்களைப் பார்த்து உருகத்தான் வந்தேன், தாழ்வாரத்தில் கால் வைத்ததும் வயிறு எரிந்தது.

"வாங்க, வாங்க. உங்களப் பத்தித்தான் பொழுதன்னைக்கும் பேச்சு. அந்தத் தாள நான் எழுதித் தரேன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க" என்றார் டீச்சரம்மா.

"பேனா இருந்தாக் குடுங்க" என்றேன். அவர் பேனாவாலேயே எழுதினேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாய் எழுதி, உங்கள் வலப்பக்கம் வந்து வாசித்தேன். நீங்கள் "ம்" என்ற பிறகுதான் அடுத்த வரி.

முதலில் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். வீட்டில் யாரும் சொல்லாத பெயர். பிறகு இப்படி:

"அக்கா என்று கூப்பிடுங்கள். கிழவி என்றால் திரும்ப மாட்டார்.
வலப்பக்கம் வந்து பேசுங்கள். இடது காது மந்தம், புத்தி கூர்மை.
சீலையைத் தானே கட்டிக்கொள்வார். நேரமாகும், காத்திருங்கள்.
வெந்நீரை அவர் கையில் ஊற்றிக் காட்டிவிட்டு மேலே ஊற்றுங்கள்.
மழை வருமா என்று இவரைக் கேளுங்கள், சரியாய்ச் சொல்வார். கேட்காமல் விடாதீர்கள்.
ஆடிக்குள் டீச்சரம்மாவைத் தாயத்தில் ஜெயிக்க வேண்டும்."

அதோடு முடித்திருக்கலாம். என் கை இன்னொரு வரி எழுதியது.

"எங்கள் வீட்டில் எல்லாரும் முதலில் தேடுவது இவரைத்தான். அதில் எனக்குப் பொறாமை. இப்படிக்கு, தங்கச்சி."

அதையும் வாசித்தேன். நீங்கள் "ம்" சொல்லவில்லை. "கடைசியா வாசிச்சத இன்னொருக்கா வாசி" என்றீர்கள். வாசித்தேன். டீச்சரம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

"அத மட்டும் அடிச்சிரவாக்கா? ஆயாமார் படிப்பாளுக."

"படிக்கட்டும். அத அடிச்சுராத" என்றீர்கள். தாயக் காய்களை அடுக்கத் தொடங்கினீர்கள். "தெரியாமயா ஒங்கிட்டக் கேட்டேன்? பிரியமா இருக்குறவுக நல்லத மட்டுந்தான்த்தா எழுதுவாக. பாண்டி எழுதிருந்தா சாமி பாட்டு மாதிரி இருந்திருக்கும். பொறாமைப்படுறவதான் ஒண்ணு விடாமப் பாத்து வச்சிருப்பா. அம்புட்டும் ஒங்கிட்டதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

முதல் தாளையும் தெரிந்துதான் எழுதினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதையும் நீங்கள் தெரிந்து வைத்திருந்தீர்களோ என்னவோ. மேட்ரன் அம்மாவைக் கூப்பிட்டு, ஆயாமார் மூவரையும் நிறுத்தி, என்னை மறுபடி வாசிக்கச் சொன்னீர்கள். புது ஆயா மறுநாளே வெந்நீரைக் கையில் ஊற்றிக் காட்டினாளாம், பாண்டி வந்து சொன்னான். மழை கேட்க விடுதித் தோட்டக்காரரும் அக்கம்பக்கத்து விவசாயச் சம்சாரிகளும் வர ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாய் இருந்ததா என்று கேட்டால், பாதி.

அதற்குப் பிறகு யார் வீட்டிலிருந்து யார் அங்கே போனாலும் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். நாளை ராமையா வந்ததும் பத்துக் கேள்வி கேட்பேன். அப்பா எந்தக் கையால் சாப்பாட்டைப் பிசைவார், எந்தப் பேச்சை எடுத்தால் கோபம் வரும், யாரோடு ஆகாது என்று. "அப்பாவப் பத்தி நல்லதாச் சொல்லணும்னுல்ல நெனச்சேன்" என்று எல்லாரும் சொல்வதையே அவரும் சொல்வார். உங்க அப்பாவைக் கண்டால் ஆகாதவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறேன், உங்கள் பேரைச் சொல்லாமல். புகழை நானே வாங்கிக்கொள்கிறேன். இதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாம் வருஷம் உங்களுக்கு ஞாபகம் குழம்பத் தொடங்கியது. பாண்டியை அவன் அப்பாவின் பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். டீச்சரம்மாவை மட்டும் கடைசி வரை சரியாய்த் தெரிந்து வைத்திருந்தீர்கள், அதுவும் என் வயிற்றெரிச்சல். அந்த மார்கழியில் ஒரு மத்தியானம் நான் வந்தபோது நீங்கள் தனியாய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் அவசரத்தில் இடப்பக்கம் வந்து நின்று "அக்கா" என்றேன்.

"ஆயா, இந்தப் பக்கம் வந்து பேசு. தாள்ல எழுதிருக்குல்ல?" என்றீர்கள்.

நான் வலப்பக்கம் வந்தேன். உங்கள் சீலை தோளிலிருந்து நழுவியிருந்தது. எடுத்துவிடக் கை நீட்டினேன், நீங்கள் தட்டிவிட்டு நீங்களே எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். நேரமானது, நான் காத்திருந்தேன்.

"அத எந்தங்கச்சி எழுதுனா" என்று சுவரைக் காட்டினீர்கள். "எட்டாப்புப் படிச்சவ. எழுத ஒக்காந்தா அம்புட்டு அழகா இருப்பா. எனக்கு என்ன வேணும்னு நா சொல்ல வேண்டியதில்ல. என்னைய அவ மாதிரி ஒருத்தரும் பாத்ததில்ல." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினீர்கள். "பனங்கல்கண்டு. அவளுக்கு இருமல் வரும் மார்கழி ஆனா. அவ வந்தாக் குடுத்துரு. நீ எடுத்துத் தின்னுறாத."

"குடுத்துர்றேன்" என்றேன்.

"ஒனக்கும் அப்படி ஒருத்தி வாய்க்கணும்" என்று என் கன்னத்தைத் தடவினீர்கள்.

நான்தான் அவள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் நீங்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள், சாந்தியடைய என்று எழுதியவளை, மூன்று மாதம் ஆணியை வெறுமையாய் விட்டவளை. அதனால் ஆயாவாகவே இருந்துவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் மேல் நான் எத்தனையோ பேருக்காகப் பொறாமைப்பட்டேன் அக்கா, என் புருஷனுக்காக, என் பிள்ளைக்காக, தாயம் ஆடிய டீச்சரம்மாவுக்காக. அதெல்லாம் வயதோடு தேய்ந்துவிட்டது. உங்கள் ஞாபகத்தில் கடைசியாய் இருந்தாளே அந்தத் தங்கச்சி, அவள் மேல் இருக்கும் பொறாமை மட்டும் தேயவில்லை. அவள் நான்தான் என்று எத்தனை தரம் சொல்லிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.